தொடை வழியா, நெஞ்சைத் திறந்தா?

எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் “வால்வு ரொம்பச் சுருங்கிடுச்சு, மாத்தியாகணும்” என்று சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “நெஞ்சைத் திறக்கணுமா, இல்ல தொடை வழியாவே போட்டுடலாமா?” என்பதுதான். யாரோ ஒரு தூரத்து உறவினர் தொடை வழியாக வால்வு வைத்துக்கொண்டு மூன்றாம் நாளே வீடு திரும்பி, பேரனைப் பள்ளியில் விட்டுவந்த கதை அதற்குள் காதுக்கு வந்திருக்கும். அப்படி இருக்க, எலும்பை அறுக்கும் ஆபரேஷனுக்கு யார்தான் சம்மதிப்பார்கள்?

ஆனால் எல்லோருக்கும் தொடை வழி பொருந்துவதில்லை. சிலருக்கு அது உயிர் காக்கும் ஒரே வழி. வேறு சிலருக்கு நெஞ்சைத் திறப்பதே நீண்ட நாளுக்கு நல்லது. எது யாருக்கு என்பதைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று: நோயாளிக்கு முன்னால் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, அவருடைய வால்வும் ரத்தக் குழாய்களும் எந்த வடிவத்தில் இருக்கின்றன, இன்று வைக்கும் வால்வு தேய்ந்த பிறகு அடுத்ததை எப்படி வைப்பது. இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் கேட்பதில்லை.

சுருங்கிய வால்வு என்ன செய்கிறது?

இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் வெளியேறும் வாயிலில் இருப்பது அயோர்டிக் வால்வு. பெருந்தமனி வால்வு என்றும் சொல்வார்கள். மெல்லிய மூன்று இதழ்கள் கொண்டது. நன்றாக இருக்கும்போது அது திறந்தால் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை வழி கிடைக்கும். வயதாக ஆக இதழ்களில் கால்சியம் படிந்து அவை கல்போல் இறுகுகின்றன. வழி 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் அது கடுமையான சுருக்கம்.

இதை அளக்கும் கருவி எக்கோ. குறுகிய வழியில் ரத்தம் பீறிட்டு ஓடும் வேகம் வினாடிக்கு 4 மீட்டரைத் தொட்டாலோ, வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் சராசரி வேறுபாடு 40 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டினாலோ சுருக்கம் கடுமையாகிவிட்டது என்று பொருள். எக்கோ ரிப்போர்ட்டில் ‘மீன் கிரேடியன்ட்’ என்று எழுதியிருப்பது இந்தச் சராசரி வேறுபாட்டைத்தான்.

இடது கீழறை பல வருடம் இந்தத் தடையை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. பிறகு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், நடந்தால் நெஞ்சு இறுகும், சிலர் மயங்கி விழுவார்கள். “வயசாயிடுச்சு, அதான்” என்று விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ராஸ், பிரான்வால்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1968-இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. வால்வை மாற்றாவிட்டால், நெஞ்சுவலி தொடங்கியவர்கள் சராசரியாக 5 வருடமும், மயக்கம் வந்தவர்கள் 3 வருடமும், இதயம் தளர்ந்து மூச்சுத் திணறல் வந்தவர்கள் 2 வருடமும்தான் வாழ்ந்தார்கள் என்று அது காட்டியது. மருந்து மாத்திரையால் இந்தச் சுருக்கத்தை விலக்க முடியாது. அறிகுறி வந்த பிறகு, மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இடமில்லை. எப்படி மாற்றுவது என்பதுதான் மிச்சம்.

நெஞ்சைத் திறந்தால்

ஓபன் சர்ஜரியில் நடு நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்துத் திறக்கிறார்கள். ரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்பிவிட்டு, பெருந்தமனியை இடுக்கியால் அடைத்து, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறார்கள். பிறகு பெருந்தமனியைக் கீறி, பழைய வால்வைக் கண்ணால் பார்த்து முழுவதுமாக வெட்டி எடுத்து, சுற்றியுள்ள கால்சியத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து, அந்த வளையத்தில் புது வால்வைத் தையல் போட்டுப் பொருத்துகிறார்கள்.

இதில் இரண்டு லாபம் உண்டு. பழைய வால்வு உள்ளே மிச்சமில்லை. அதோடு, திறந்தது திறந்ததுதான் என்பதால் கூடவே மற்ற வேலைகளையும் முடிக்கலாம்: அடைபட்ட இதயத் தமனிகளுக்கு பைபாஸ், வீங்கிய பெருந்தமனிக்கு மாற்றுக் குழாய், கெட்டுப்போன மைட்ரல் வால்வுக்குச் சிகிச்சை, வளையம் குறுகலாக இருந்தால் அதைக் கீறி அகலப்படுத்துவது. விலையும் உண்டு. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம், அந்த நாள்களில் கனம் தூக்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாவது அடிக்கடி நடக்கும்.

புது வால்விலும் இரண்டு வகை. உலோக வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும், ஆனால் வாழ்நாள் முழுதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டு, ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்ய வேண்டும். மாடு அல்லது பன்றித் திசுவால் செய்த வால்வுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது 10 முதல் 15 வருடத்தில் தேயும், இளம் வயதினருக்கு இன்னும் சீக்கிரமே தேயும். தொடை வழியாக வைப்பவை எல்லாமே திசு வால்வுகள்தான்.

தொடை வழியாகப் போனால்

இந்த முறைக்கு டாவி என்று பெயர். இதயத்தை நிறுத்துவதில்லை, பலருக்கு முழு மயக்க மருந்தும் தேவைப்படுவதில்லை. தொடை இடுக்கில் உள்ள தமனியில் ஊசி போட்டு, கம்பியை ஏற்றி, அதன் மேல் ஒரு குழாய் வழியாக, சுருக்கி மடித்த வால்வைப் பெருந்தமனியின் வளைவைத் தாண்டிப் பழைய வால்வு வரை கொண்டுபோகிறார்கள். ஒரு வகை வால்வு பலூனால் விரிவது. பலூனை ஊதும் சில வினாடிகள் மட்டும் இதயத்தை நிமிடத்துக்கு 180 முறைபோல் மிக வேகமாகத் துடிக்கவைக்கிறார்கள். அப்போது ரத்தம் ஏறக்குறைய வெளியேறாது, வால்வும் இடம் நழுவாது. இன்னொரு வகை நிட்டினால் என்ற உலோகச் சட்டத்தில் அமைந்தது. உறையை மெல்ல விலக்கினால் உடல் சூட்டில் தானே விரியும்.

இதன் சாராம்சம் ஒன்றுதான்: பழைய வால்வு எங்கும் போகவில்லை. கால்சியம் படிந்த அந்த இதழ்களைச் சுவரோரமாக நசுக்கித் தள்ளிவிட்டு, அதன் உள்ளேயே புதியது உட்காருகிறது. டாவியின் சௌகரியங்களும் சங்கடங்களும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளைக்கின்றன. நசுங்கிய கால்சியம் சமமாக இல்லாவிட்டால் வால்வின் ஓரத்தில் இடைவெளி விழுந்து ரத்தம் கசியும். வளையத்துக்கு நேர் கீழே கால்சியம் பெரிய கட்டியாக இருந்தால், பலூனை ஊதும்போது வளையமே கிழியலாம். இது அபூர்வம், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. தள்ளப்பட்ட இதழ், இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனியின் வாயை மூடிவிடலாம். உதிரும் கால்சியத் துகள் மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்.

இதயத்தின் மின்கம்பி போன்ற நரம்பிழை ஒன்று இந்த வளையத்தின் கீழ் ஓரமாகத்தான் ஓடுகிறது. வால்வுச் சட்டம் அதை அழுத்தினால் துடிப்பு நின்று நின்று வரும், பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும். இசிஜியில் வலது கிளைத் தடை என்ற மாற்றம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். அதனால்தான் வால்வு வைத்த பிறகு ஒன்றிரண்டு நாள் மானிட்டரில் வைத்துப் பார்க்கிறார்கள்.

ரூவான் நகரில் தொடங்கியது

இந்த முறை முதலில் யாருக்காக வந்தது என்று பார்த்தால், இன்று நடக்கும் விவாதம் எளிதாகப் புரியும். பிரான்ஸின் ரூவான் நகரில் அலென் கிரிபியே என்ற இதய மருத்துவர் 1985-இல் சுருங்கிய வால்வைப் பலூனால் விரித்துப் பார்த்தார். மூச்சு சீரானது, ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களிலேயே வழி மீண்டும் சுருங்கியது. விரித்த இடத்தில் ஒரு வால்வையே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று அவர் யோசித்தார். டென்மார்க்கில் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் 1989-இல் பன்றிகளில் அப்படிப்பட்ட வால்வை வைத்துக் காட்டியிருந்தார்.

2002 ஏப்ரல் 16 அன்று, எந்த அறுவை சிகிச்சை நிபுணரும் தொட மறுத்த 57 வயது நோயாளி ஒருவருக்கு கிரிபியே முதன்முதலாக மனித உடலில் இதைச் செய்தார். அந்த நோயாளியின் இதயம் செயலிழந்துகொண்டிருந்தது. கால் தமனிகள் அடைபட்டிருந்ததால் அவ்வழியே போக முடியவில்லை. தொடைச் சிரை வழியாக ஏறி, இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவில் உள்ள சுவரைத் துளைத்து வால்வைக் கொண்டுபோனார். வால்வு வேலை செய்தது. நோயாளி 17 வாரம் கழித்து, இதயத்தோடு தொடர்பில்லாத சிக்கல்களால் இறந்தார்.

ஆக, டாவி பிறந்தது ஆபரேஷனே தாங்காதவர்களுக்காக. 2010-இல் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வும் அப்படிப்பட்டவர்களிடமே நடந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குள் 50.7 சதவீதம் பேர் இறந்தார்கள். டாவி செய்துகொண்டவர்களில் 30.7 சதவீதம் பேர். ஐந்து பேருக்கு வால்வு வைத்தால் ஒரு வருடத்தில் ஓர் உயிர் மிஞ்சுகிறது. இதய மருத்துவத்தில் இத்தனை பெரிய வித்தியாசம் அரிது.

பிறகு ஆபரேஷன் ஆபத்து அதிகமுள்ளவர்கள், நடுத்தர ஆபத்துள்ளவர்கள் என்று ஆய்வுகள் படியிறங்கின. 2019-இல் ‘பார்ட்னர் 3’ ஆய்வில் ஆபரேஷனை எளிதாகத் தாங்கக்கூடிய 1,000 பேரைச் சேர்த்து இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். சராசரி வயது 73. மரணம், பக்கவாதம், மீண்டும் ஆஸ்பத்திரியில் சேருவது ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு வருடத்துக்குக் கணக்கிட்டால் டாவியில் 8.5 சதவீதம், ஆபரேஷனில் 15.1 சதவீதம். பேப்பர்களில் வந்த “இனி நெஞ்சைத் திறக்க வேண்டாம்” என்ற தலைப்புகளுக்கு ஊற்று இதுதான்.

ஆனால் அதே நோயாளிகளை 5 வருடம் தொடர்ந்து பார்த்தபோது இரு வரிசையும் நெருங்கிவிட்டன: 22.8 சதவீதமும் 27.2 சதவீதமும். மரணத்தை மட்டும் பார்த்தால் டாவியில் 10 சதவீதம், ஆபரேஷனில் 8.2 சதவீதம். இவை புள்ளியியல்படி உறுதியான வேறுபாடுகள் அல்ல. அதாவது, ஆபரேஷன் தன் கஷ்டத்தை முன்கூட்டியே வாங்கிவிடுகிறது. டாவியின் முன்னிலை முதல் மாதங்களிலேயே கிடைத்து, பிறகு மெல்லக் கரைகிறது. 75 வயதைத் தாண்டியவருக்கு அந்த முதல் மாதங்கள் மிகப் பெரியவை. 60 வயதுக்காரருக்கு மிச்சமுள்ள இருபது வருடம்தான் பெரியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. மக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு இப்படி இருக்கும். அறுபது வயதுக்கு முன்பே வால்வு சுருங்குகிறவர்களில் இவர்களே மிகுதி. டென்மார்க் உள்ளிட்ட வட ஐரோப்பிய நாடுகளில் 75 வயதுக்கு உட்பட்டவர்களிடம் நடந்து 2024-இல் வெளியான ‘நோஷன் 2’ ஆய்வில் இவர்களும் இருந்தார்கள். எண்ணிக்கை 100 பேர்தான். ஒரு வருடத்துக்குள் மரணம், பக்கவாதம், மீண்டும் ஆஸ்பத்திரி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது டாவியில் 14.3 சதவீதமும் ஆபரேஷனில் 3.9 சதவீதமும் வந்தன. சிறிய எண்ணிக்கைதான் என்றாலும் எச்சரிக்கை தெளிவாக இருக்கிறது. இந்த வால்வுகளின் வாயில் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும், கால்சியம் ஒருபக்கமாகக் குவிந்திருக்கும். வட்ட வால்வு அதில் ஒழுங்காக விரிவதில்லை.

இரண்டாவது வால்வு

திசு வால்வு ஒருநாள் தேயும். ஒருவர் 82 வயதில் அதை வைத்துக்கொண்டால் வால்வு அவரைவிட நீண்ட நாள் இருக்க வாய்ப்புண்டு. 64 வயதில் வைத்துக்கொண்டால் 76 வயதுபோல் இன்னொன்று தேவைப்படும். அப்போது என்ன செய்வது?

முதலில் ஆபரேஷன் மூலம் வைத்திருந்தால், தேய்ந்த வால்வுக்குள் தொடை வழியாகப் புதியதை வைக்கலாம். வயதான காலத்தில் நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. முதலிலேயே டாவி செய்திருந்தாலும் அதற்குள் இன்னொரு டாவி வைக்கலாம், ஆனால் சிலருக்குத்தான். அடுக்கு டம்ளர்போல் உள்ளே போகப் போக வாய் குறுகிக்கொண்டே வரும். முதல் வால்வின் இதழ்கள் இரண்டாவதால் மேலே தள்ளப்பட்டு, சட்டத்தைச் சுற்றி ஒரு குழாய்ச் சுவராக நிற்கும். பெருந்தமனியின் அடிப்பகுதி குறுகலாக இருந்தால் அந்தச் சுவர் இதயத் தமனிகளின் வாயை அடைத்துவிடும். அடைக்காவிட்டாலும், பிற்காலத்தில் ஹார்ட் அட்டாக் வந்தால் ஸ்டென்ட் வைக்க அந்த வாய்க்குள் குழாயை நுழைப்பது கடினமாகிவிடும்.

அது முடியாது என்றால் டாவி வால்வை ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும். சட்டம் பெருந்தமனிச் சுவரோடு ஒட்டி வளர்ந்திருக்கும், உரித்தெடுப்பது எளிதல்ல. முதல் தடவை வால்வு மாற்றும் ஆபரேஷனில் ஆரோக்கியமானவர்களுக்கு உயிரிழப்பு 1 முதல் 2 சதவீதம். டாவி வால்வை எடுக்கும் ஆபரேஷனில் 10 சதவீதத்துக்கும் மேல் என்று பல நாட்டு ஆஸ்பத்திரிகளைத் தொகுத்த பதிவேடு காட்டியது. அந்த நோயாளிகள் பலரும் ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எண்பது வயதில் யாரும் விரும்பி நுழையும் ஆபரேஷன் அல்ல அது.

அதனால்தான் வயதுக்கு ஏற்ப வழிகாட்டு நெறிகள் பிரிகின்றன. அமெரிக்க இதய மருத்துவர் சங்கங்களின் 2020 நெறி, 65-க்குக் கீழே ஆபரேஷன், 80-க்கு மேலே டாவி, நடுவில் இருப்பவர்களுக்குக் கலந்து பேசி முடிவு என்கிறது. ஐரோப்பிய நெறி 2021-இல் 75 வயதைக் கோடாக வைத்தது. 2025-இல் மூன்று இதழ் வால்வும் பொருத்தமான உடலமைப்பும் உள்ளவர்களுக்கு அதை 70-ஆக இறக்கியது. கோடு எங்கே இருந்தாலும், அது முழு உடலமைப்பையும் பார்க்காமல் போடும் கோடு. உடலமைப்பைக் காட்டுவது சிடி ஸ்கேன்தான்.

ஒரு நோயாளியின் கணக்கு

கற்பனையாக ஒரு 69 வயது ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். ஓய்வு பெற்றவர், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் ரத்த வேகம் வினாடிக்கு 4.5 மீட்டர், வால்வு வழி 0.7 சதுர சென்டிமீட்டர். கடுமையான சுருக்கம், அறிகுறியும் இருக்கிறது. வால்வை மாற்றியாக வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளது, சிறுநீரகமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன. ஐந்து மீட்டரைச் சாதாரணமாக நடக்கச் சொன்னால் ஐந்து வினாடிக்குள் கடக்கிறார். ஆறு வினாடிக்கு மேல் போனால் உடல் தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். ஆபரேஷன் ஆபத்து குறைவு. அமெரிக்க நெறியின்படி இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. அவர் விரும்புவது தொடை வழி.

சிடி ஸ்கேனில் நான்கு அளவுகளைப் பார்க்கிறார்கள். தொடைத் தமனி 7 மில்லிமீட்டர்; ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலே இன்றைய குழாய்கள் ஏறிவிடும் என்பதால் பாதை பிரச்சினை இல்லை. வால்வு வளையம் சராசரி 20 மில்லிமீட்டர்தான், அதாவது சிறியது. இடது இதயத் தமனியின் வாய் வளையத்திலிருந்து 9 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 முதல் 12 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் இதழ் அதை அடைக்கும் அபாயம் உண்டு. பெருந்தமனியின் அடிப்பகுதியும் அகலமில்லை. இசிஜியில் வலது கிளைத் தடை தெரிகிறது.

இவரைத் தொடை வழியாகவும் சமாளித்துவிடலாம். தமனியின் வாயைக் காக்கக் கம்பியும் ஸ்டென்ட்டும் தயாராக வைத்துக்கொண்டு செய்யும் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அவருக்கு பேஸ்மேக்கர் வரும் வாய்ப்பு கூடுதல். சிறிய வளையத்துக்குள் சிறிய வால்வு உட்காரும். 80 வயதில் அது தேய்ந்தால், குறுகிய அடிப்பகுதியில் இன்னொன்றை நுழைக்க இடம் இருக்காது. இவருக்கு இன்றைக்கு ஆபரேஷன் செய்து, வளையத்தை அகலப்படுத்தி 23 மில்லிமீட்டர் திசு வால்வைத் தைத்தால், 80 வயதில் அதற்குள் தொடை வழியாகப் புதியதை வைக்க இடம் கிடைக்கும். நெஞ்சைத் திறப்பது உடம்பு தாங்கும் வயதில் ஒரே ஒரு தடவை. இவருக்குப் பொருந்துவது ஆபரேஷன்தான்.

இப்போது கணக்கில் சிலவற்றை மாற்றுவோம். அதே ஆசிரியைக்கு வயது 81, நடை தளர்ந்துவிட்டது, சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்றால் இரண்டாவது வால்வு என்ற கவலையே பின்னுக்குப் போய்விடும். தமனி வாயைக் காக்கும் ஏற்பாட்டோடு டாவிதான் சரி. அல்லது வயது 74, வளையம் 24 மில்லிமீட்டர், தமனி வாய் 14 மில்லிமீட்டர் உயரத்தில், இசிஜி இயல்பாக இருந்தாலும் டாவி தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். நோய் ஒன்றுதான். விடையை மாற்றியவை வயதும் மில்லிமீட்டர்களும்.

வேறு யாருக்கு எது?

பைபாஸும் தேவைப்படும் அளவுக்கு பல தமனிகள் அடைபட்டவர்கள், பெருந்தமனி 4.5 சென்டிமீட்டரைத் தாண்டி வீங்கியவர்கள், வால்வில் கிருமித் தொற்று உள்ளவர்கள் ஆபரேஷன் பக்கம்தான். நம் நாட்டில் இன்னொரு கூட்டமும் உண்டு: சிறு வயதில் வந்த முடக்குக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் மைட்ரல் வால்வும் சேர்ந்து கெட்டிருக்கும், வயதும் குறைவு. பலருக்கு வால்வில் கால்சியம் குறைவாக இருப்பதால் டாவி வால்வு பிடித்துக்கொள்ளப் பிடிமானம் கிடைக்காது. வால்வு சுருங்காமல், கசிவு மட்டுமே உள்ளவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

ஏற்கெனவே பைபாஸ் செய்துகொண்டவர்கள், நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியவர்கள், பெருந்தமனியின் சுவர் முழுக்கக் கால்சியம் படிந்து இடுக்கியே போட முடியாதவர்கள், நுரையீரல் மோசமானவர்கள் டாவி பக்கம். தொடைத் தமனி குறுகலாக இருந்தால் தோள்பட்டையின் கீழோ கழுத்திலோ உள்ள தமனி வழியாகவும் போக முடியும்.

இரண்டுமே வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் உண்டு. முற்றிய புற்றுநோய், முழு மறதி, மற்ற நோய்களால் ஒரு வருடம்கூடத் தாங்காத உடல் என்றால், வால்வை மாற்றினாலும் அவர் எழுந்து நடக்கப்போவதில்லை. அங்கே மூச்சுத் திணறலைக் குறைத்து நிம்மதியாக வைத்திருப்பதுதான் சிகிச்சை.

செலவையும் மறைக்காமல் பேச வேண்டும். டாவியில் வால்வின் விலையே பல லட்சம் ரூபாய். மொத்தச் செலவு ஓபன் சர்ஜரியைவிடப் பல மடங்கு ஆகலாம். குஜராத்தின் வாபியில் உள்ள மெரில் நிறுவனம் தயாரிக்கும் மைவால் போன்ற உள்நாட்டு வால்வுகளும் இப்போது இருக்கின்றன. காப்பீடு இருந்தால், வால்வின் விலை எந்த அளவுக்கு அடங்கும் என்பதை நாள் குறிக்கும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பணத்துக்காக மட்டும் ஆபரேஷனுக்குப் போகிறோமே என்று குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. 65 வயதுக்குக் கீழே, உடல் தாங்கும் என்றால், மருத்துவரீதியாகவும் அதுவே முதல் தேர்வு.

கேட்க வேண்டியவை, வைத்திருக்க வேண்டியவை

தொடை வழியாக வைப்பவர் இதய மருத்துவர், நெஞ்சைத் திறப்பவர் அறுவை சிகிச்சை நிபுணர். ஒருவரை மட்டும் பார்த்தால் ஒருவரின் வழிதான் காதில் விழும். இருவரும் சேர்ந்து அதே சிடி ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்களா என்பதை முதலில் கேளுங்கள். பிறகு, “என் வால்வு இரண்டு இதழா, மூன்றா?”, “வளையம் எத்தனை மில்லிமீட்டர், தமனி வாய் எத்தனை உயரம்?”, “பேஸ்மேக்கர் வர வாய்ப்பு எவ்வளவு?”, “இந்த வால்வு தேய்ந்தால் அடுத்தது எப்படி?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு “அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால், இன்னொரு இடத்திலும் ஒரு கருத்து கேட்பது தப்பில்லை.

எந்த வழியில் வைத்தாலும், செயற்கை வால்வில் கிருமி ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதனால் பல் பிரச்சினைகளை வால்வு வைப்பதற்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். பிற்பாடு பல் பிடுங்கும்போதும் ஈறில் சிகிச்சை செய்யும்போதும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவை. காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதற்கு முன் ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்ய வேண்டும். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் கிருமி தெரியாமல் போகலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது வால்வின் பெயர், அளவு, தொடர் எண் எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். அதையும், புது வால்வோடு எடுத்த முதல் எக்கோ ரிப்போர்ட்டையும், சிடி ஸ்கேன் பதிவையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வருடா வருடம் எடுக்கும் எக்கோவில் மீன் கிரேடியன்ட் முதல் ரிப்போர்ட்டைவிட ஏறிக்கொண்டே போனால், வால்வு தேய்கிறது அல்லது அதில் ரத்தம் உறைகிறது என்று பொருள். உறைவு என்றால் மருந்திலேயே சரியாகலாம். தேய்வு என்றால் பத்து வருடம் கழித்து வேறொரு ஊரில், வேறொரு டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த அட்டையில் உள்ள அளவைத்தான். இரண்டாவது வால்வு தொடை வழியாக ஏறுமா என்பது பெரும்பாலும் அந்த எண்ணைப் பொறுத்தே இருக்கும்.